ஆடிக் காற்றில் மணல் எழும்பும் உயரம்

போன ஆடியில் வீட்டுக்குப் பின்னால் ஒரு அறை இழுத்துக் கட்டினோம். மன்னவனூர்ப் பக்கம் அந்த நேரத்தில் கட்டட வேலை எடுப்பது புத்திசாலித்தனம் இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். கேட்கவில்லை. டிப்பர் வந்து மூன்று யூனிட் எம் சாண்டைக் கொட்டிவிட்டுப் போன அன்று ராத்திரியே தார்ப்பாய் கிழிந்து, பக்கத்துத் தோட்டத்து வேலியில் போய்த் தொங்கியது. அடுத்த இரண்டு நாளும் மழை இல்லை. மேற்கிலிருந்து வெறும் காற்றுதான், காது அடைக்கும் காற்று.

மூன்றாம் நாள் மேஸ்திரி வந்து குவியலைப் பார்த்தார். "அண்ணே, பாதி மணலு காத்துல போச்சு" என்றார்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பக்கத்து வீட்டு அத்தை காயப் போட்டிருந்த பூண்டு முழுக்க வெள்ளைப் பொடி படிந்திருந்தது. அதற்காக நான் வாங்கிய பேச்சு தனிக்கதை. ஆனால் குவியலை டேப் வைத்து அளந்தபோது உயரம் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. மாறியிருந்தது மேல்தோல் மட்டும். மிளகு பருமனில் சிறு கற்கள் மேலே துருத்திக்கொண்டு, குவியலுக்கே சட்டை போட்டதுபோல் இருந்தன. கையால் கொஞ்சம் விலக்கினால் உள்ளே பொடியும் மணலும் கலந்து, வந்த நாளில் இருந்த மாதிரியே கிடந்தது. காற்று பொடியை ஊதி எடுத்துவிட்டது. அது போனபின் மிச்சமான கற்களே கீழே இருந்த மணலுக்குக் காவலாகிவிட்டன. பாலைவனங்களில் மைல் கணக்கில் கிடக்கும் சரளைத் தரைகளிலும் இதே வேலை நடக்கிறது என்று படித்திருந்தேன். மூன்று யூனிட்டில் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மியை விடுங்கள், மணலே பறப்பதில்லை. தூசி பறக்கும். எம் சாண்டில் இருக்கும் மாவு மாதிரியான பொடி ஒரு தடவை எழும்பினால் காற்றோடு எங்கெங்கோ போய்விடும். சகாராவின் தூசி அட்லாண்டிக்கைத் தாண்டி அமேசான் காட்டில் இறங்குகிறது. மணல், அதாவது கால் மில்லிமீட்டர் அளவுள்ள மணி, தாவிக்கொண்டுதான் போகும். காற்று அதைத் தரையிலிருந்து பெயர்க்கும், முன்னால் தள்ளும். சில அங்குலம் எழும்பி, ஓடுகிற பேருந்திலிருந்து குதித்த ஆள் மாதிரி முன்னோக்கிச் சாய்ந்தபடி தரையில் வந்து மோதும். அந்த மோதலில் இன்னும் நான்கைந்து மணிகள் தெறிக்கும். அவற்றில் ஒன்றிரண்டு காற்றில் மாட்டி அடுத்த தாவலுக்குக் கிளம்பும். எழும்ப முடியாத பெரிய மணிகள் அடிவாங்கி அடிவாங்கி உருண்டு நகரும்.

இதை முதலில் ஒழுங்காக அளந்தவர் ரால்ஃப் பாக்னால்ட் என்ற ஆங்கிலேய ராணுவப் பொறியாளர். 1920களின் பிற்பாதியிலிருந்து பழைய ஃபோர்டு கார்களை எடுத்துக்கொண்டு எகிப்து, லிபியப் பாலைவனங்களில் சுற்றியவர். அப்புறம் லண்டனில் காற்றுச் சுரங்கம் ஒன்று அமைத்து, அதில் மணலைப் பரப்பி அளவெடுத்து, 1941இல் புத்தகமாகவும் போட்டார். உண்மையான மணல் பாலையில் காற்று அடிக்கும்போது மணல் ஒரு தாழ்ந்த மேகமாக ஓடும், நிற்கிற ஆளின் தலையும் தோளும் அதற்கு மேலே தெளிவான காற்றில் இருக்கும் என்று அவர் எழுதியிருக்கிறார். வானமே இருண்டுபோகும் புயல்கள் தூசிப் புயல்கள்.

அவர் கண்டுபிடித்த இன்னொன்று, கணக்கு. காய்ந்த மணல் நகரத் தொடங்க மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் காற்று வேண்டும். அதற்குக் கீழே ஒன்றும் நடக்காது. அதைத் தாண்டி வேகம் ஏற ஏற, நகரும் மணல் ஏறக்குறைய மும்மடிக் கணக்கில் ஏறும். காற்று இரண்டு மடங்கானால் மணல் எட்டு மடங்கு. அதனால் வருஷம் பூராவும் வீசும் இளங்காற்றுக்கு மணற்குன்று கவலைப்படுவதே இல்லை. வருஷத்தில் சில நாள் வீசும் பலத்த காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதுதான் அதன் வடிவத்தைத் தீர்மானிக்கிறது.

வடிவங்களில் எளிமையானது பிறைக்குன்று. பர்கான் என்பது அதற்கு மத்திய ஆசியத் துருக்கிய மொழிகளிலிருந்து வந்த பெயர். கெட்டியான தரை, அதன்மேல் குறைவான மணல், ஒரே திசைக் காற்று. இந்த மூன்றும் சேர்ந்தால் மணல் பிறை வடிவத்துக்கு வந்துவிடும். காற்று வரும் பக்கம் மெதுவாக ஏறும் சரிவு, பத்துப் பதினைந்து டிகிரி இருக்கும். மறுபக்கம் செங்குத்தாகத் தெரியும் சறுக்கு முகம். அது 32 முதல் 34 டிகிரிக்குள் நிற்கும். காய்ந்த மணலைக் கொட்டினால் எந்தக் கோணத்தில் தானாக நிற்குமோ அந்தக் கோணம். மணிகள் மெதுசரிவில் தாவித் தாவி ஏறி உச்சியைத் தாண்டியதும் காற்று அவற்றைக் கைவிட்டுவிடுகிறது. உச்சிக்குப் பின்னால் காற்று மறைவு. விழுந்த மணல் அங்கேயே சேர்ந்து, அளவு மீறும்போது ஒரு நாக்கு மாதிரி சரிந்து இறங்கும். ஒவ்வொரு சரிவுக்கும் குன்று ஒரு துளி முன்னால் போயிருக்கும்.

எவ்வளவு வேகத்தில் போகும்? பூம்பாறையில் படிப்படியாக இறங்கும் பூண்டுத் தோட்டங்களைப் பார்த்தவர்களுக்கு இது சுலபம். ஒரு படியின் முன்விளிம்பை ஒரு மீட்டர் முன்னால் தள்ள வேண்டும் என்று வையுங்கள். படியின் உயரம் 1 மீட்டர் என்றால், நீளத்தில் ஒவ்வொரு மீட்டருக்கும் 1 கன மீட்டர் மண் கொட்ட வேண்டும். உயரம் 5 மீட்டர் என்றால் 5 கன மீட்டர். குன்றுக்கும் இதே கணக்குதான். அதன் உச்சியை ஒரு மீட்டர் அகலத்துக்கு ஆண்டுக்கு 100 கன மீட்டர் மணல் கடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நம் ஊர்க் கணக்கில் சுமார் 35 யூனிட். காற்று பலமான பாலைகளில் நம்பக்கூடிய அளவுதான். 5 மீட்டர் உயரக் குன்று ஆண்டுக்கு 20 மீட்டர் நகரும். 10 மீட்டர் குன்று 10 மீட்டர் நகரும். 2 மீட்டர் குட்டி 50 மீட்டர் ஓடும். உயரத்தால் வகுத்தால் போதும்.

பிறை வடிவம் வருவதற்கான காரணம் இந்த வகுத்தலிலேயே இருக்கிறது. ஒரு வட்டமான மேட்டை எடுத்துக்கொண்டால் நடுப்பகுதி உயரம், ஓரங்கள் தாழ்வு. தாழ்ந்த ஓரம் வேகமாகப் போகும், நடு பின்தங்கும். ஓரங்கள் இரண்டு கொம்புகளாக முன்னால் நீளும். அப்படியானால் கொம்பு கழன்று ஓடிவிடாதா? நடுவிலிருந்து மணல் பக்கவாட்டிலும் கொஞ்சம் ஓரங்களுக்கு நழுவிக்கொண்டே இருப்பதால், ஒரு கட்டத்தில் எல்லாப் பகுதியும் ஒரே வேகத்துக்கு வந்து வடிவம் நிலைத்துவிடுகிறது. சறுக்கு முகம் வந்த மணலையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். கொம்பு நுனியில் சறுக்கு முகம் கிடையாது, அங்கே மணல் ஒழுகிக்கொண்டே இருக்கும். ஒழுகும் அளவுக்குப் பின்னாலிருந்து வரத்து இருந்தால் குன்று பிழைக்கும். இல்லாவிட்டால் வருஷத்துக்கு வருஷம் சிறுத்துக்கொண்டே போகும், சிறுக்கச் சிறுக்க வேகமும் எடுக்கும். எகிப்தின் கார்கா பாலைவனச் சோலையில் இப்படி நகர்ந்து வந்த பிறைக்குன்றுகள் சாலைகளையும் ஊர்களையும் மூடியிருக்கின்றன. சாலையை அவ்வப்போது குன்றைச் சுற்றி வளைத்துப் போடுவதுதான் அங்கே நடக்கிற தீர்வு.

செயற்கைக்கோள் படத்தில் கொம்பைப் பார்த்துக் காற்றின் திசை சொல்லிவிடலாம், கொம்பு காற்று போகும் பக்கம் நீட்டும் என்று ஒரு காலத்தில் நான் தைரியமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். தார் பாலைவனப் படத்தில் அப்படிச் சொல்லி நன்றாக மாட்டினேன். அங்கே பிறை வடிவத்தில் நிறையக் குன்றுகள் இருக்கின்றன, ஆனால் கைகள் காற்று வரும் பக்கம், தென்மேற்கைப் பார்த்து நிற்கின்றன. புல்லும் புதரும் தாழ்ந்த ஓரங்களைப் பிடித்துக்கொள்ள, நடுப்பகுதி மட்டும் முன்னால் ஓடியிருக்கிறது. பர்கானின் தலைகீழ். எங்கள் தார்ப்பாயைக் கிழித்த அதே பருவக்காற்றின் குடும்பம்தான் அங்கேயும் வேலை செய்வது. செடி இருப்பதும் இல்லாததும் பிறையையே திருப்பிப் போட்டுவிடும்.

சரி, காற்று இரண்டு திசையிலிருந்து மாறி மாறி வந்தால்? இங்கேதான் என் அக்கா மகன் கதைக்குள் வருகிறான். அக்காவைச் சாத்தான்குளம் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறோம், தேரிக்காட்டு ஓரம். தேரி என்பதே காற்று கொண்டுவந்து குவித்த செம்மணல்தான். கல்லூரி விடுமுறைக்கு வந்தவனிடம், வரும்போது ஒரு சின்ன அரிசிப் பையில் தேரி மணல் கொண்டுவா என்று சொல்லியிருந்தேன். எம் சாண்டை வைத்து ஒன்றும் பார்க்க முடியாது என்று அதற்குள் புரிந்திருந்தது. அது உடைத்த கல். ஒரு மணிக்கும் அடுத்ததற்கும் பத்து மடங்கு வித்தியாசம். தேரி மணலைக் காற்று ஏற்கெனவே சலித்து வைத்திருக்கிறது. அதைக் கடலை வறுக்கும் இரும்புச் சட்டியில் போட்டு ஈரம் போக வறுத்து எடுத்தோம். மணலை வறுத்துத் தின்னப்போகிறீர்களா என்று அம்மா கேட்டார்கள்.

பழைய சுழல் நாற்காலி ஒன்று முதுகு உடைந்து கிடந்தது. அதன் அடிக்கட்டையில் நாலடிக்கு நாலடி ஒட்டுப்பலகையை முறுக்கி, மேலே மணலைப் பரப்பினோம். வீட்டுச் சுவருக்கும் பக்கத்துக் கிடங்குக்கும் நடுவே இருக்கும் சந்தில் மேற்குக் காற்று பீறிட்டு வரும். அங்கே கொண்டுபோய் வைத்தோம். காற்றின் திசையை நாம் மாற்ற முடியாது, பலகையைத் திருப்பினால் மணலுக்குக் காற்று திரும்பிய மாதிரிதான். இந்த யோசனை என்னுடையது இல்லை. 1987இல் ரூபின், ஹண்டர் என்ற இரண்டு அமெரிக்க நிலவியலாளர்கள் சுழலும் பலகையில் மணல் பரப்பி இதைத்தான் செய்தார்கள்.

திருப்பாமல் விட்டபோது கால் மணி நேரத்துக்குள் மணல்வரிகள் வந்துவிட்டன. நாலு விரல் இடைவெளியில், காற்றுக்குக் குறுக்கே. அது எல்லோரும் கடற்கரையில் பார்ப்பதுதான். அப்புறம் கையால் சமப்படுத்திவிட்டு, பலகையை 60 டிகிரி திருப்புவது, இருபது எண்ணுவது, பழைய இடத்துக்குத் திருப்புவது, இருபது எண்ணுவது. மருமகன் எண்ணினான், நான் திருப்பினேன். பறந்துபோன மணலுக்குப் பதில் காற்று வரும் ஓரத்தில் அவ்வப்போது ஒரு பிடி தூவினோம். வரிகள் இரண்டு காற்றுக்கும் நடுத்திசைக்குக் குறுக்கே வந்தன. எதிர்பார்த்ததுதான். பிறகு திருப்பும் கோணத்தை 120 ஆக்கினோம். முக்கால் மணி நேரம் எண்ணி அவன் தொண்டை கட்டியபோது, வரிகள் நடுத்திசைக்கு நேராகவே, நீளவாக்கில் கிடந்தன.

"மாமா, காத்து வராத திசையில வரி ஓடுது" என்றான். உண்மைதான். அந்தத் திசையிலிருந்து பலகைமேல் ஒரு மூச்சுக் காற்றுகூட வீசவில்லை.

காரணம் இது. ஒரு வரி வளர, அதன் முதுகை மணல் கடக்க வேண்டும். இடமிருந்து வலமாகக் கடந்தாலும் வலமிருந்து இடமாகக் கடந்தாலும் வரிக்கு ஒன்றுதான், ரத்துக் கணக்கு கிடையாது. ஆகவே மொத்தமாக எந்தத் திசையில் கிடந்தால் அதிக மணல் குறுக்கே கடக்குமோ அந்தத் திசையில் வரி அமையும். காற்றுகளுக்கு நடுவே 120 டிகிரி என்றால், நடுத்திசைக்கு இருபுறமும் ஒவ்வொரு காற்றும் 60 டிகிரி சாய்ந்திருக்கும். நடுத்திசையில் நீளமாகக் கிடக்கும் வரியை, ஒவ்வொரு காற்றும் கொண்டுவரும் 100 மணியில் சுமார் 87 குறுக்காகக் கடக்கும். நடுத்திசைக்குக் குறுக்கே கிடக்கும் வரி என்றால் 50தான். நீளவாக்கு ஜெயிக்கிறது. 60 டிகிரியில் இதே கணக்கு தலைகீழ், குறுக்குவாக்குக்கு 87, நீளவாக்குக்கு 50. இரண்டும் சமமாகும் இடம் 90 டிகிரி.

நீள்குன்றுகளை உருவாக்குவது இந்தக் கணக்குதான். ஒரு பருவத்தில் காற்று ஒரு பக்கத்திலிருந்து ஏறி மறுபக்கம் மணலைச் சரிக்கும். அடுத்த பருவத்தில் அது எதிர்ப்பக்கத்திலிருந்து ஏறும், சறுக்கு முகமும் இடம் மாறும். குன்று பக்கவாட்டில் அதிகம் நகராமல் முதுகு வழியே நீண்டுகொண்டே போகும். ஆஸ்திரேலியாவின் சிம்ப்சன் பாலையில் இப்படிப்பட்ட குன்றுகள் பக்கம் பக்கமாக நூற்றுக்கும் மேற்பட்ட கிலோமீட்டர் ஓடுகின்றன. உயரம் மட்டும் பெரும்பாலும் 10 முதல் 30 மீட்டர்தான். நமீபியாவில் இன்னும் பெரியவை, சில 100 மீட்டரைத் தாண்டும்.

எங்கள் சோதனை முதல் நாள் சொதப்பியதையும் சொல்லிவிடுகிறேன். பலகையைத் திருப்பி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனோம். பத்து நிமிஷம் கழித்து வந்து மறுபடி திருப்பினோம், பத்து நிமிஷம் விட்டோம். ஒவ்வொரு முறையும் வரிகள் கடைசியாக அடித்த காற்றுக்குக் குறுக்கேதான் இருந்தன. பழைய காற்றின் சுவடே இல்லை. வரியில் இருக்கும் மணல் கொஞ்சம், பத்து நிமிஷக் காற்று அதை முழுசாகப் புரட்டிப் போடப் போதும். இருபது எண்ணிக்கைக்குள் திருப்பினால் பாதிகூடப் புரளாது, அதனால் இரண்டு காற்றும் அதில் பதியும். பாலையிலும் இப்படித்தான். ஒரு பெரிய நீள்குன்றின்மேல் நின்று காலடியில் இருக்கும் வரிகளைப் பார்த்தால் தெரிவது நேற்றைய காற்று. சின்னப் பிறைக்குன்று சொல்வது இந்தப் பருவத்தின் காற்று. 100 மீட்டர் நீள்குன்றைத் திருப்ப ஒரு பருவம் போதாது, நூற்றுக்கணக்கான வருஷங்களின் சராசரிதான் அதில் இருக்கும். காலடி வரியைப் பார்த்துப் பெருங்குன்றுக்குக் காரணம் சொன்னால் தப்பாகத்தான் போகும்.

மூன்று நான்கு திசையிலிருந்து பலத்த காற்று வரும் இடங்களில் மணலுக்குப் போக்கிடம் இல்லை. ஒரு காற்று கொண்டுபோனதை இன்னொன்று திருப்பிக் கொண்டுவரும். குன்று நகர்வதை விட்டுவிட்டு உயரும். நடுவில் ஒரு சிகரம், அதிலிருந்து மூன்று நான்கு கைகள், ஒவ்வொரு கையிலும் கத்தி முனை போன்ற முதுகு. நட்சத்திரக் குன்று. மொராக்கோவின் எர்க் செப்பியில் லாலா லாலியா என்ற ஒன்று இருக்கிறது, சுமார் 100 மீட்டர் உயரம், 700 மீட்டர் அகலம். அதன் வயதை 2024இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். குவார்ட்ஸ் மணி வெயில் படாமல் புதைந்து கிடக்கும்போது சுற்றியுள்ள மண்ணின் மெல்லிய கதிர்வீச்சை உள்ளே சேர்த்துக்கொண்டே இருக்கும், வெளிச்சம் பட்டால் அழிந்துவிடும். இருட்டிலேயே தோண்டி எடுத்து, ஆய்வகத்தில் ஒளியைக் காட்டி, எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்த்தால் கடைசியாக எப்போது வெயில் பார்த்தது என்று தெரியும். அடியில் இருந்த மணலுக்கு வயது சுமார் 13,000 ஆண்டு. ஆனால் இப்போதிருக்கும் அந்த மலை முழுவதும் கடந்த 900 ஆண்டுக்குள் எழும்பியது. அதுவும் சும்மா நிற்கவில்லை, ஆண்டுக்கு அரை மீட்டர் மேற்கே நகர்கிறது. நாம் கணக்குப் போட்ட 5 மீட்டர் பிறைக்குன்று ஒரே வருஷத்தில் போகும் தூரத்துக்கு அதற்கு 40 வருஷம் வேண்டும். எதிரெதிர்க் காற்றுகள் முழுதாகச் சமன் ஆகாத மிச்சம் அது.

மருமகனுக்கு ஒரு குறை. வரி வந்ததே, ஏன் ஒரு குட்டிப் பர்கான் வரவில்லை என்று. மணல்வரி என்பது சின்னக் குன்று இல்லை. அது மணிகள் தாவுவதால் வருவது. குன்று காற்றோட்டத்தால் வருவது. வெறும் தரையில் வரும் காற்று தன்னால் சுமக்க முடிந்த அளவு மணலை ஏற்றிக்கொள்ளவே சில மீட்டர் ஓட வேண்டியிருக்கிறது. அதைவிடச் சின்ன மேடு என்றால் காற்று அதைத் தாண்டிய பிறகும் இன்னும் ஏற்றிக்கொண்டே இருக்கும், எதையும் இறக்காது, மேடு கரைந்துவிடும். அதனால்தான் பத்து மீட்டர் நீளத்துக்கும் ஒரு மீட்டர் உயரத்துக்கும் குறைந்த பர்கான் நிலைப்பதில்லை. நாலடிப் பலகையில் எங்கே வரும். தண்ணீரில் வரும். தண்ணீர் காற்றைவிட 800 மடங்கு கனம் என்பதால் இந்த நீளம் சென்டிமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடும். 2002இல் பாரிஸில் சிலர் தொட்டித் தண்ணீருக்குள் ஒரு தட்டை ஒரு பக்கம் வேகமாகவும் மறுபக்கம் மெதுவாகவும் ஆட்டி, உள்ளங்கைக்குள் அடங்கும் பர்கான்களை வரவழைத்திருக்கிறார்கள். அடுத்த விடுமுறைக்கு அதைச் செய்வோம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அம்மாவின் இட்லி அண்டாமேல் ஒரு கண் இருக்கிறது.

மூன்று திசைக்கும் ஒரு முறை திருப்பிப் பார்த்துவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை மறுபடி பலகையை எடுத்து வைத்தோம். பதினைந்து நிமிஷம் ஆகியிருக்காது, கவுஞ்சிப் பக்கமிருந்து மூட்டம் இறங்கி சந்து முழுக்க வெள்ளையாகிவிட்டது. காற்று நிற்கவில்லை, அதே வேகம்தான். ஆனால் மணல் நின்றுவிட்டது. நூற்றில் ஒன்றிரண்டு பங்கு ஈரம் சேர்ந்தாலே மணிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். திருப்பித் திருப்பி எண்ணிப் பார்த்தோம், ஒரு மணிகூட அசையவில்லை. பாதியில் நின்ற வரிகளோடு பலகையைக் கிடங்குத் தாழ்வாரத்தில் சாய்க்காமல் கிடைமட்டமாக வைத்தோம். திங்கட்கிழமை மேஸ்திரி வந்து, பூச்சு வேலைக்குச் சாரம் கட்ட ஒட்டுப்பலகை ஒன்று குறைகிறது என்று அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தேரி மணல் இப்போது அந்த அறையின் மேற்குச் சுவரில், உள்பூச்சில், ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் லேசாகச் சிவந்து தெரிகிறது.